திரவ ஆக்சிஜன் ஏன் காந்தத்தில் தொங்குகிறது?

வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே திரவ நைட்ரஜனை ஊற்றினால் அது அப்படியே கீழே வடிந்துவிடும். திரவ ஆக்சிஜன் அப்படியல்ல. அந்த வெளிர்நீலத் திரவம் முனைகளுக்கிடையே பாலம் கட்டியதுபோலத் தொங்கி, அங்கேயே கொதித்து ஆவியாகும். (செய்துபார்க்க நினைக்காதீர்கள், பஞ்சு, எண்ணெய் எதன்மேல் பட்டாலும் ஒரு பொறி போதும், தீ மூர்க்கமாகப் பிடிக்கும்.)

இதில் என்ன ஆச்சரியம்? O=O என்று இரண்டு கோடு போட்டுப் படித்திருப்பீர்கள். அந்தப் படத்தில் எல்லா எலக்ட்ரானுக்கும் ஜோடி உண்டு. ஜோடி சேர்ந்த இரண்டும் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். அப்படியானால் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கவே கூடாது.

படம் எங்கே தவறியது? எலக்ட்ரான்கள் மூலக்கூறு ஆர்பிட்டால்களில் (இரண்டு அணுக்களிலும் சேர்ந்து பரவியிருக்கும் இருப்பிடங்களில்) இருக்கின்றன. இரண்டு அணு ஆர்பிட்டால்கள் கலந்தால் இரண்டு மூலக்கூறு ஆர்பிட்டால்கள் வரும். ஆற்றல் குறைந்தது அணுக்களைப் பிணைக்கும். ஆற்றல் கூடியது பிணைப்பைத் தளர்த்தும். இது எதிர்பிணைப்பு ஆர்பிட்டால், நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்களுக்குத்தான் இடம்.

ஆக்சிஜனில் எப்படி நிரப்புவது? வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 6 + 6 = 12. உள்ளே உள்ள 1s எலக்ட்ரான்களில் பாதி பிணைப்பது, பாதி தளர்த்துவது என்பதால் அவற்றை விட்டுவிடலாம். σ2s-இல் 2, σ*2s-இல் 2, σ2p-இல் 2, இரண்டு π2p-களில் 4 என்று பத்து முடிந்தது. மிச்சம் இரண்டு. அடுத்து இருப்பவை சம ஆற்றலுள்ள இரண்டு π*2p-கள். ஹுண்ட் விதிப்படி ஆளுக்கொன்றில் தனித்தனியாகத்தான் அமரும். ஜோடியில்லாத இந்த இரண்டைத்தான் காந்தம் இழுக்கிறது. இதற்குப் பெயர் பாரா காந்தத்தன்மை.

பிணைப்புத் தரம் (எத்தனை பிணைப்புக்குச் சமம் என்ற எண்) எவ்வளவு? பிணைப்பதில் 8, தளர்த்துவதில் 4. வித்தியாசத்தில் பாதி 2. கோடுகளின் எண்ணிக்கை சரிதான். காந்தத்தில்தான் படம் ஏமாற்றிவிட்டது.

ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் பிணைப்பு பலவீனமாகுமா? எங்கிருந்து பிடுங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்சிஜனில் அது தளர்த்தும் π*-இலிருந்து போகிறது. அதனால் O₂⁺-இன் தரம் 2.5, பிணைப்பு நீளம் 121 பிக்கோமீட்டரிலிருந்து 112-ஆகச் சுருங்குகிறது. நைட்ரஜனின் தரம் 3, π*-கள் காலி. அங்கே பிடுங்கினால் பிணைக்கும் எலக்ட்ரானே போகிறது. தரம் 2.5-ஆக இறங்கி, நீளம் 110-லிருந்து 112-ஆகக் கூடுகிறது.

தேர்வில் பலர் சறுக்குவது B₂-வில். போரான் முதல் நைட்ரஜன் வரை π2p கீழே, σ2p மேலே. ஆக்சிஜன் வரிசையை அப்படியே போட்டால் போரானின் கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் σ2p-இல் ஜோடியாகிவிடும். தரம் 1 என்று சரியாகவே வரும், அதனால் தவறு கண்ணில் படாது. உண்மையில் அவை இரண்டு π2p-களில் தனித்தனியாக இருக்கின்றன. B₂ பாரா காந்தத்தன்மை உள்ளது. மொத்த எலக்ட்ரான் ஒற்றைப்படை என்றால் தனித்த எலக்ட்ரான் கட்டாயம் உண்டு. இரட்டைப்படை என்றால் கடைசிப் படியை வரைந்து பார்த்துவிட்டே பதில் எழுதுங்கள்.