ராஜினாமா என்ற ஒரு சொல்

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு எழுத்தர் ஒருவர் 22 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, குடும்பக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 22 ஆண்டுகளும் கணக்கிலிருந்து போய்விடும், ஓய்வூதியம் கிடைக்காது. அவரே மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஏனெனில் அதற்கு 20 ஆண்டுப் பணி போதும். இரண்டும் ஒன்றல்ல என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விவரம் தெரியாமல் இழப்பவர்களை நினைத்தால் வேதனைதான்.

முறையான அனுமதியுடன், ஓய்வூதியத்துக்குத் தகுதியுள்ள இன்னொரு அரசு வேலையில் சேர ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் சேரும். டிஸ்மிஸ் ஆனவருக்கும் பணிக்காலம் பறிபோகும். தகுதியான நேர்வில் மட்டும் கருணைப்படி உண்டு, ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல்.

கடிதத்தில் 'ராஜினாமா' என்று எழுதுமுன் பணிப்பதிவேட்டில் எத்தனை ஆண்டுகள் என்று பாருங்கள்.