மூழ்கக்கூடிய கப்பலும் 500 ரூபிளும்

1738இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் வெளியிட்ட ஒரு கட்டுரையில், கணித அறிஞர் டேனியல் பெர்னூலி, கையஸ் என்றொரு கற்பனை வணிகரைக் கொண்டுவருகிறார். கையஸ் ஆம்ஸ்டர்டாமில் வாங்கிய சரக்கு கப்பலில் வருகிறது. பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கும். ஆனால் அந்தப் பாதையில் நூறு கப்பல் கிளம்பினால் ஐந்து கரை சேர்வதில்லை. காப்பீட்டுக்காரர் கேட்பதோ 800 ரூபிள்.

சராசரி இழப்பு 500 ரூபிள்தான். பிரீமியமும் அதே 500 என்றால் அது நியாயமான பிரீமியம். காப்பீட்டுக்காரருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முதலில் அந்த விலைக்கே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு சரக்குக்குக் காப்பீடு எடுக்கலாம்?

ஒரே ஒரு ரூபிளுக்கு எடுத்துப் பார்ப்போம். பிரீமியம் 5 கோபெக். நூறு பயணத்தில் 95 முறை அந்த 5 கோபெக் வீண். மற்ற ஐந்து முறை பிரீமியம் போக 95 கோபெக் கைக்கு வரும். போனதும் வந்ததும் சமம். பணமாக மட்டும் பார்த்தால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பெர்னூலி எடைபோட்டது பணத்தை அல்ல, அது தரும் பயன்பாட்டை. சொத்து கூடக் கூட அடுத்த ரூபிளின் பயன்பாடு அதே விகிதத்தில் குறையும் என்றார். இப்படி நினைப்பவரைத்தான் இடர் தவிர்ப்பவர் என்கிறோம். பயந்தாங்கொள்ளி என்று பொருளல்ல.

கையஸிடம் வேறு சொத்து 2,000 ரூபிள் இருக்கட்டும். கப்பல் வந்தால் மொத்தம் 12,000, மூழ்கினால் 2,000. ஆக, மூழ்கிய நாளில் ஒரு ரூபிளுக்கு ஆறு மடங்கு மதிப்பு. நல்ல நாளிலிருந்து கெட்ட நாளுக்குப் பணத்தை மாற்றினால் சராசரி குறையாது, பயன்பாடு கூடும். பாதிச் சரக்குக்கு எடுத்தால் 11,750ம் 6,750ம் நிற்கும். ரூபிளின் மதிப்பில் இன்னும் வித்தியாசம் இருப்பதால் மேலும் மாற்றுவதே லாபம். முழுச் சரக்குக்கும் எடுத்தால் இரண்டு நாளிலும் 11,500. அங்கேதான் மதிப்பு சமமாகிறது. அதற்கு மேல் போனால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நிஜத்தில் 500க்கு யாரும் தரமாட்டார்கள். அலுவலகச் செலவும் லாபமும் வேண்டுமே. 800 என்றால்? காப்பீடு இல்லாத கையஸின் நிலை, நிச்சயமாகக் கையில் இருக்கும் சுமார் 10,970 ரூபிளுக்குச் சமம். முழுக் காப்பீடு எடுத்தால் 11,200 மிஞ்சும். அதனால் எடுப்பதே மேல். வேறு சொத்து 5,043 ரூபிளுக்கு மேல் உள்ளவருக்கு அது தேவையில்லை என்பது பெர்னூலியின் விடை.

ஆனால் பகுதியாகவும் எடுக்கலாம் என்றால், 800 விலையில் கையஸுக்குச் சிறந்தது சுமார் 5,400 ரூபிள் சரக்குக்கு மட்டும் எடுப்பது. மீதி இழப்பை அவரே தாங்கிக்கொள்வார்.