காபி குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகுமா?

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தால் துடிப்பு ஒரே சீராக ஓட வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு இரண்டு துடிப்பு வேகமாக வரும், சற்று இடைவெளி விடும், மறுபடி தடதடக்கும். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதுதான் காரணம். அங்கே ரத்தம் தேங்கி உறைந்தால் பக்கவாதம் வரலாம் என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இந்த நோய் இருப்பதாகத் தெரிந்ததுமே வீட்டில் முதலில் நிற்பது காபி. டாக்டர்கள் பலரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். காபி குடித்தால் படபடக்கிறது, ஆகவே அது ஆகாது என்ற கணக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கணக்கை டீகாஃப் என்ற ஆய்வு நேரடியாகச் சோதித்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 200 நோயாளிகள் இதில் சேர்ந்தார்கள். எல்லோரும் காபி குடிப்பவர்கள், அல்லது சில ஆண்டுகள் முன்புவரை குடித்தவர்கள். மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சைக்கு வந்தவர்கள். இச்சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்களிலேயே பலருக்குக் கோளாறு திரும்பிவிடும். அதனால் காபி கெடுதல் செய்கிறதா என்று பார்க்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் ஒரு கப்பாவது காபி குடிக்க வேண்டும். மற்றது காபியையும் கஃபீன் உள்ள எதையும் தொடக்கூடாது.

ஆறு மாதத்தில், காபியை விட்டவர்களில் 64 சதவீதத்தினருக்குக் கோளாறு திரும்பியது. குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்குத்தான். 2025 நவம்பரில் முடிவு வெளியானபோது மருத்துவர்களே வியந்தார்கள்.

ஏன் இப்படி? மேலறைகளில் இந்த நடுக்கத்தைத் தூண்டக்கூடிய அடினோசின் என்ற பொருளின் வேலையைக் கஃபீன் தடுக்கிறது. காபி குடித்தவர்கள் கூடுதலாக நடமாடுவதும் காரணமாக இருக்கலாம். இவை ஊகங்களே, இன்னும் உறுதியாகவில்லை.

ஆனாலும் இதைக் காபி ஒரு மருந்து என்று படிக்கக்கூடாது. 200 பேர் சிறிய எண்ணிக்கை. யார் காபி குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு. காபி குடித்தாலே துடிப்பு கெடுகிறவர்கள் இதில் சேரவே தயங்கியிருப்பார்கள். பெரும்பாலானோர் குடித்தது நாளைக்கு ஒரு கப் அளவில்தான்; ஐந்தாறு டம்ளருக்கோ, எனர்ஜி டிரிங்குக்கோ இந்த முடிவு பொருந்தாது. காபி தூக்கத்தைக் குறைக்கும் என்பதும், இதயத்தின் கீழறைகளில் தப்புத் துடிப்புகளைச் சற்றுக் கூட்டும் என்பதும் வேறோர் ஆய்வில் தெரிந்தது. ஆகவே கீழறைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இந்த முடிவைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

உங்களுக்குக் காபி ஒத்துக்கொள்கிறதா என்று அறிய, படபடப்பு வரும்போதெல்லாம் நேரத்தையும் அதற்குமுன் சாப்பிட்டது, குடித்தது, தூங்கியது எல்லாவற்றையும் சில வாரம் குறித்துவையுங்கள். பலரும் கஃபீனைக் குற்றவாளியாகச் சந்தேகித்த இன்னொரு ஆய்வில், கடைசியில் கோளாறோடு தெளிவாகத் தொடர்புபட்டது மதுதான்.

காலையில் ஒரு டம்ளர் காபி குடித்து ஒன்றும் ஆகாதவர், இந்த நோய்க்காக மட்டும் அதை விட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள்.