எட்டுக்கு ஏழு: ஒரு 'பிப்' கடிதத்தைத் திருத்தி எழுதுவது எப்படி?

"அவரைப் பிப்புல போட்டுட்டாங்களாம்" என்று ஐ.டி. அலுவலகத்தில் யாராவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "வேற எங்கயாவது பார்க்க ஆரம்பிச்சிட்டாரா?" என்பதுதான். பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான் என்பதன் சுருக்கம் 'பிப்'. வேலையில் பின்தங்கியவருக்கு 30, 60 அல்லது 90 நாள் அவகாசம் கொடுத்து, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் தரும் திட்டம் அது. வாங்குகிறவர் அதை வேலை போவதற்கான முன்னறிவிப்பாகவே படிக்கிறார். அந்தக் கடிதங்கள் எழுதப்படும் விதத்தைப் பார்த்தால், அப்படிப் படிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில் வேலை பார்க்கும் இன்ஜினியர். வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்கள் 'டிக்கெட்'டாக அவரிடம் வரும். ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவருக்கு வந்த கடிதத்தின் சாரம் இது: "உங்கள் வேலை எதிர்பார்ப்புக்குக் கீழே உள்ளது. பொறுப்புணர்வும் அக்கறையும் போதவில்லை. அணுகுமுறையை உடனே மாற்றிக்கொண்டு கணிசமான முன்னேற்றம் காட்ட வேண்டும். தவறினால் பணிநீக்கம் உள்ளிட்ட நடவடிக்கை எடுக்கப்படும்."

இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை அவர் என்ன செய்வார்? ஒன்பது மணிக்கு வந்தவர் எட்டரைக்கு வருவார், சாயங்காலம் தாமதமாகக் கிளம்புவார். அதனால் டிக்கெட் வேகமாக முடியுமா என்பது வேறு விஷயம். 60 நாள் கழித்து மேனேஜர் "முன்னேற்றம் போதாது" என்றால், மறுத்துப் பேச அவரிடம் எதுவும் இருக்காது. அதே சமயம், போதாது என்று நிரூபிக்க மேனேஜரிடமும் எதுவும் இருக்காது.

திருத்தத்தைப் பலரும் இலக்கிலிருந்து தொடங்குகிறார்கள். இலக்குக்கு முன்னால், இப்போது நிலைமை என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் இன்ஜினியரின் கடந்த எட்டு வாரக் கணக்கை எடுத்தால், 64 டிக்கெட்டில் 22 தாமதம், 42 மட்டுமே நேரத்துக்குள் முடிந்தவை. முடிந்ததாக மூடப்பட்டவற்றில் 9 திரும்பத் திறக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குழுவில் மற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 88 டிக்கெட்டை நேரத்துக்குள் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 22-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. 13 தாமதங்கள் ஒரே பகுதியைச் சேர்ந்தவை: பணப் பரிவர்த்தனைக் கணக்கைச் சரிபார்க்கும் மாட்யூல். வேலையை விட்டுப்போன ஒருவரிடமிருந்து அது இவர் கைக்கு வந்தது. பயிற்சி தரப்படவில்லை. அதன் டேட்டாபேஸைப் பார்க்கும் அனுமதியும் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. "அக்கறை போதவில்லை" என்ற வரி இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மீதி 9 தாமதம் அவருடையதுதான். அதை மறைக்கவும் தேவையில்லை.

இனி இலக்கு. "95 சதவீதம் நேரத்துக்குள்" என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குழுவின் சராசரியே 88. நன்றாகச் செய்பவர்களே தொடாத அளவைப் பின்தங்கியவரிடம் கேட்டால், முடிவை முன்பே எடுத்துவிட்டார்கள் என்று அவர் புரிந்துகொள்வார். இன்னொரு சிக்கல், சதவீதமே சின்ன எண்ணிக்கையில் ஏமாற்றும். வாரத்துக்கு எட்டு டிக்கெட் வருபவரிடம் வாராவாரம் 90 கேட்டால், ஒரே ஒரு டிக்கெட் தவறினாலும் 87.5 ஆகி அந்த வாரமே தோல்வி. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எண்ணிக்கையிலேயே சொல்வது நல்லது. முதல் இரண்டு வாரம் பயிற்சி நடக்கும் காலம் என்பதால் 16-க்கு 11, அதாவது ஏறக்குறைய இப்போதைய நிலை. அடுத்த இரண்டு வாரம் 12. கடைசி நான்கு வாரத்தையும் சேர்த்து 32-க்கு 28. எட்டுக்கு ஏழு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். டிக்கெட் கூடினாலும் குறைந்தாலும் அதே விகிதம். வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் கையில் இல்லாத தாமதம் அவர் தலையில் விழும்.

வேகத்தை மட்டும் அளந்தால் ஒரு தந்திரம் பிறக்கும். நேரம் முடியப் போகும்போது டிக்கெட்டை "தீர்ந்தது" என்று மூடிவிட்டால் எண் அழகாகிவிடும், பிரச்சினை அப்படியே கிடக்கும். அதனால் பக்கத்திலேயே இரண்டாவது அளவு: மூடிய பின் ஐந்து வேலை நாளுக்குள் திரும்பத் திறக்கப்படுபவை கடைசி நான்கு வாரத்தில் 32-க்கு 2-ஐத் தாண்டக் கூடாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி வாரத்தில் மூடியவை நிலைக்கின்றனவா என்று தெரிய மேலும் ஐந்து நாள் ஆகும். இறுதிக் கூட்டத்தை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும்.

"பொறுப்புணர்வு போதவில்லை" என்று எழுதிய மேனேஜரிடம், எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு சம்பவம் இருக்கும். இங்கே, இரண்டு வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டு நாளாகப் பதில் போகவில்லை. அப்படியானால் எழுத வேண்டியது குணத்தைப் பற்றி அல்ல: "திறந்திருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒவ்வொரு வேலை நாளும், தீர்வு கிடைக்காவிட்டாலும்கூட, நிலவரத்தை ஒரு வரியாவது எழுதி அனுப்ப வேண்டும்." இதைச் செய்தாரா என்று டிக்கெட் பதிவைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

இனி தொனி. "அன்புள்ள", "நாங்கள் உங்களை மதிக்கிறோம்" என்று சேர்ப்பதால் தொனி மாறாது; சில சமயம் எரிச்சலைத்தான் கூட்டும். நிறுவனம் தன் பங்குக்கு என்ன செய்யும் என்பது ஊழியரின் இலக்கைப் போலவே தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள், தொனி அங்கேதான் இருக்கிறது. டேட்டாபேஸ் அனுமதி முதல் வாரம் முடிவதற்குள். அந்த மாட்யூல் தெரிந்த சீனியர் ஒருவர் முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் உடன் உட்கார்ந்து சொல்லித்தருவார். ஒவ்வொரு புதன்கிழமையும் மேனேஜருடன் அரை மணி நேரம். பேசியதன் சுருக்கம் அன்றே மின்னஞ்சலில். இதோடு ஒரு வரி: "அனுமதியோ பயிற்சியோ தாமதமானால் அத்தனை நாள் திட்டக் காலமும் நீளும்." எச்.ஆர். தயங்கும் வரி இது. நிறுவனத்தையும் கட்டிப்போடுகிறதே. ஆனால் கடிதம் ஒருதலைப்பட்சமானது இல்லை என்று ஊழியர் நம்புவதற்கு இந்த ஒரு வரி போதும்.

பின்விளைவை எடுத்துவிட வேண்டுமா? கூடாது. வேலையே போகலாம் என்பதை இனிப்புத் தடவி மறைப்பது மிரட்டலைவிட மோசம். ஒரு முறை, கடைசியில், நேராக: "இந்த இலக்குகள் எட்டப்படாவிட்டால், வேறு பொறுப்புக்கு மாற்றுவது அல்லது பணியை முடித்துக்கொள்வது குறித்து முடிவெடுக்கப்படும்." பத்திக்குப் பத்தி "தவறினால்" வேண்டாம். கையெழுத்து இடத்தில், "பெற்றுக்கொண்டேன், இதன் உள்ளடக்கத்தை ஏற்கிறேன் என்று பொருளல்ல" என்ற குறிப்போடு, ஊழியர் தன் விளக்கத்தை எழுத நாலு வரி இடமும் விட வேண்டும்.

ஆளை அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு, கோப்பில் காகிதம் இருக்கட்டும் என்பதற்காகவே 'பிப்' போடும் இடங்களும் உண்டு. அங்கே இந்தத் திருத்தம் எதுவும் உதவாது. கடிதம் வாங்கியவர் இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம்: தற்போதைய நிலையின் எண்களைக் கேளுங்கள், குழுவின் சராசரியைக் கேளுங்கள், வாராந்தரக் கூட்டங்களின் தேதியைக் கேளுங்கள், எல்லாவற்றையும் மின்னஞ்சலில். மூன்றுக்கும் பதில் வராவிட்டால், அடுத்த வேலை தேடத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, அதிகம் பேர் எழுத மறக்கும் ஒன்று. 32-க்கு 28 கேட்டிருக்கிறோம். அவர் 27 எடுத்தால் என்ன ஆகும்? அதை இறுதிக் கூட்டத்தில் உட்கார்ந்து யோசித்தால் அன்றைய மனநிலைதான் தீர்மானிக்கும். ஆகவே முதல் நாளே எழுதிவிடலாம்: 28 அல்லது அதற்கு மேல் என்றால் திட்டம் முடிந்தது, அதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரப்படும். 26, 27 என்றால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிப்பு. அதற்குக் கீழே என்றால், பின்விளைவு பற்றிச் சொன்ன வரி அமலுக்கு வரும்.