மாடி கட்டியவருக்கு அதிக வரி, பற்றைக் காணிக்குக் குறைந்த வரி: இது சரியா?

மூன்று வருடங்களுக்கு முன் கடன் எடுத்து எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டினேன். மகளுக்காகக் கட்டியது. வேலை முடிந்த சில மாதங்களில் மதிப்பீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் சோலைவரி கூடி வந்தது. பக்கத்து வளவு இருபது வருடங்களாகப் பற்றை பிடித்துக் கிடக்கிறது. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். மழைக்காலத்தில் நுளம்புக்குப் பயந்து எங்கள் வீட்டு ஜன்னல்களைத்தான் நாங்கள் மூட வேண்டியிருக்கிறது. அந்தக் காணிக்கும் வரி உண்டு, ஆனால் என் வரியோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

இதில் சட்டத் தவறு எதுவும் இல்லை. நமது நாட்டில் சோலைவரி ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்த ஆதனத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதே வருடாந்தப் பெறுமதி. கட்டடம் பெரிதானால் வாடகை கூடும், வரியும் கூடும். பல பொருளியலாளர்கள் கேள்வி கேட்பது இந்த இடத்தில்தான். கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்தின் பெறுமதிக்கு மட்டும் வரி விதித்தால் என்ன என்கிறார்கள் அவர்கள். 1776இல் அடம் ஸ்மித் நிலவாடகையை வரிக்குப் பொருத்தமான ஒன்றாகக் கண்டார். வரி என்றாலே முகம் சுளிக்கும் மில்டன் ஃப்ரீட்மன்கூட, வரிகளுக்குள் கெடுதி குறைந்தது இதுதான் என்றார்.

காரணத்தை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இலகுவுக்காக வாடகைப் பெறுமதியை விட்டுவிட்டு விற்பனைப் பெறுமதியை எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் பத்துப் பேர்ச்சஸ் காணிகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கோடி ரூபா பெறும். முதல் காணியில் மூன்று கோடி பெறுமதியான கடைத்தொகுதி இருக்கிறது. இரண்டாவது வெறுங்காணி. இரண்டிலிருந்தும் சேர்த்து சபைக்கு மூன்றரை இலட்சம் ரூபா தேவை என்று வைப்போம்.

நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து வரி போட்டால் மொத்தப் பெறுமதி ஏழு கோடி, வரிவீதம் 0.5%. கடைத்தொகுதிக்காரர் இரண்டரை இலட்சமும் வெறுங்காணிக்காரர் ஒரு இலட்சமும் கட்டுவார்கள். நிலத்துக்கு மட்டும் போட்டால் மொத்தப் பெறுமதி நான்கு கோடி, வீதம் 0.875%. இருவரும் ஆளுக்கு ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் கட்டுவார்கள். சபைக்குக் கிடைக்கும் தொகை இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது வெறுங்காணிக்காரரும் மூன்று கோடிக்குக் கடை கட்ட யோசிக்கிறார். முதல் முறையின்படி, கட்டிய குற்றத்துக்காக வருடாவருடம் ஒன்றரை இலட்சம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். இரண்டாவது முறையில் ஒரு சதமும் கூடாது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் வரி ஒன்றே என்பதால், சும்மா போட்டு வைப்பதுதான் அவருக்கு நட்டம்.

கட்டடத்துக்கு வரி போட்டால் மக்கள் குறைவாகக் கட்டுவார்கள். நிலத்துக்கு வரி போட்டதற்காக யாராலும் நிலத்தைக் குறைக்கவோ வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ முடியாது. அதோடு, காணியின் விலை ஏறுவது பெரும்பாலும் உரிமையாளரின் உழைப்பால் அல்ல. பாதை அகலமாகிறது, ஆஸ்பத்திரியும் பாடசாலையும் வருகின்றன, ஊர் வளர்கிறது, விலை ஏறுகிறது. அந்த உயர்வில் ஒரு பங்கை ஊர் திரும்பக் கேட்பதுதான் நிலவரி.

இதை நான் விளக்கியபோது, வாடகைக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், காணிக்கு வரி போட்டா முதலாளி என்ட வாடகையத்தானே கூட்டுவார்?"

நல்ல கேள்வி. ஆனால் முதலாளி இப்போதே சந்தை தரக்கூடிய ஆகக்கூடிய வாடகையைத்தான் வாங்குகிறார். அதற்குமேல் கூட்ட முடியுமென்றால் வரி வரும்வரை ஏன் காத்திருக்கிறார்? கட்டட வரியின் கதை வேறு. அது புதிய கடைகள் கட்டப்படுவதைக் குறைக்கும். கடைகள் குறைந்தால் வாடகை ஏறும். அதனால் கட்டட வரியின் ஒரு பகுதி காலப்போக்கில் வாடகைக்காரர் தலையில் விழுகிறது. நிலவரியால் நிலம் குறைவதில்லை. மாறாக, பூட்டிக் கிடந்த காணிகளும் கடைகளாகலாம்.

அப்படியானால் சுமை யாருக்கு? வரி வரும் நாளில் காணி வைத்திருப்பவருக்கு. வாங்க வருபவர் இனி வருடாவருடம் கட்டவேண்டிய வரியையும் கணக்கில் எடுத்து விலையைக் குறைத்தே கேட்பார். நேற்றுக் கடன்பட்டுக் காணி வாங்கியவருக்கு இது உண்மையான இழப்பு. ஆகவே ஒரே இரவில் இதைக் கொண்டுவருவது அநியாயம்.

அமெரிக்காவின் உருக்கு நகரமான பிட்ஸ்பர்க் இதைப் படிப்படியாகத்தான் செய்தது. 1913இல் சட்டம் வந்தது. 1925 ஆகும்போது கட்டட வரிவீதம் நில வரிவீதத்தின் பாதியாகியது. 1979-80இல் நில வரிவீதம் கட்டட வீதத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. அதன்பின் 1980களில் அங்கு கட்டட அனுமதிகளின் வருடாந்தப் பெறுமதி, முந்திய இருபது வருடச் சராசரியை விட ஏறத்தாழ 70% கூடியது. இதை ஆராய்ந்த ஓட்ஸ், ஷ்வாப் என்ற பொருளியலாளர்கள் முழுப் புகழையும் நிலவரிக்குக் கொடுக்கவில்லை. அலுவலக இடத்துக்கு இருந்த தட்டுப்பாடுதான் முக்கிய காரணம் என்றார்கள். கட்டுமானத்தைத் தடுக்கும் வேறு வரிகளைக் கூட்டாமல் நகரத்துக்கு வருமானம் கிடைக்க நிலவரி உதவியது என்பதே அவர்கள் சொன்னது.

அதே பிட்ஸ்பர்க் 2001இல் இந்த முறையைக் கைவிட்டது. காணிப் பெறுமதிகள் நீண்டகாலம் ஒழுங்காகத் திருத்தப்படாமல் கிடந்தன. மறுமதிப்பீடு வந்தபோது பல வீடுகளின் நிலப்பெறுமதி திடீரென எகிறியது. நில வீதமும் உயர்வாக இருந்ததால் வரிச்சீட்டைக் கண்டு மக்கள் கொதித்தார்கள்.

நமக்கும் பலவீனமான இடம் மதிப்பீடுதான். காணி விலையை அறிய வெறுங்காணி விற்பனைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் முத்திரைத் தீர்வைக்குப் பயந்து உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பொய்யான உறுதிகளிலிருந்து நேர்மையான மதிப்பீடு எப்படி வரும்? மதிப்பீடு பிழைத்திருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே தெருவில், ஒரே பாதை வசதியுள்ள இரண்டு காணிகளுக்குப் பேர்ச்சஸ் ஒன்றின் பெறுமதி பெரிதாக வேறுபட்டால், எங்கோ தவறு நடந்திருக்கிறது. அதனால் மதிப்பீட்டுப் பட்டியலை எவரும் பார்க்கக்கூடியதாக வைப்பது முக்கியம்.

இன்னொரு கவலை, கணவரை இழந்து, பெறுமதியான வளவில் வருமானமில்லாமல் வாழும் தாய்மாரைப் பற்றியது. டென்மார்க்கில் ஓய்வூதியர்கள் ஆதன வரியைக் கட்டாமல் வீட்டின் மேல் கடனாகப் பதிய முடியும். வீடு கைமாறும்போது அது அறவிடப்படும். அப்படியொரு ஏற்பாடு இல்லாத நிலவரியை நான் ஆதரிக்க மாட்டேன்.

சொத்து வரி பற்றிய பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகிறது. அப்போது நாம் வீதம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். எதன்மேல் விதிக்கிறார்கள், அதன் பெறுமதியை யார், எப்படிக் கணிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். என் மாடிக்கும் பக்கத்துப் பற்றைக்கும் இடையிலுள்ள நியாயம் அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.