தகவலைச் சுமந்த அரசுப் பேருந்து

கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டத்தில் 2000களின் தொடக்கத்தில் ஓடிய ஓர் அரசுப் பேருந்தில் பயணிகளோடு ஒரு சிறிய லினக்ஸ் கணினியும் போய் வந்தது. அதனுடன் வைஃபை அட்டையும் குட்டை ஆன்டெனாவும் இருந்தன. மின்சாரம் பேருந்தின் பேட்டரியிலிருந்து கிடைத்தது. எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லண்ட், ரிச்சர்ட் ஃபிளெட்சர், அமீர் ஹாசன் ஆகியோர் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் பெயர் டாக்நெட். நம் சிட்டா, அடங்கலைப் போன்ற நில ஆவணங்களைக் கர்நாடக அரசு அப்போது ‘பூமி’ திட்டத்தில் கணினியில் ஏற்றியிருந்தது. அவை இருந்ததோ வட்டத் தலைமையிடத்தில். இணைய இணைப்பு இல்லாத கிராமங்களுக்கு அவற்றைக் கொண்டுபோகும் வேலையைப் பேருந்து ஏற்றது.

விவசாயி கிராமத்துக் கணினி மையத்தில் சர்வே எண்ணைச் சொல்வார். விண்ணப்பம் அங்கேயே சேமிக்கப்படும். பேருந்து நெருங்கியதும் இரண்டு கணினிகளும் தாமாகவே வைஃபையில் இணைந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளும். பேருந்து தலைமையிடத்தை அடைந்ததும் விண்ணப்பம் அங்கே இறங்கும். ஆவணம் அடுத்த நடையில் ஊர் திரும்பும்.

நாம் பழகிய இணையம் இப்படி ஓடாது. அதற்கு இரு முனைகளும், நடுவிலுள்ள எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் லினக்ஸ் கணினி வழக்கமாகச் சுமார் இரண்டு நிமிடம் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். மூன்று மணி நேரம் கழித்து வரும் பேருந்துக்காக அது காத்திருக்காது.

அந்தச் சந்திப்பும் மிகக் குறுகியது: சராசரியாக இரண்டரை நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 20 மெகாபைட் கைமாறியது. அன்றைய 28.8 கிலோபிட் டயல்-அப் மோடத்தில், தொலைபேசி இணைப்பு ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தாலும், இதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்திருக்கும். ஆக, பேருந்தால் நிறையவே சுமக்க முடிந்தது. குறை தாமதத்தில்தான் இருந்தது.

தாமதத்தைத் தாங்கும்படி விண்ணப்பத்தையும் மாற்றி அமைக்க வேண்டும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். சாதாரண இணையதளம் முதலில் பெயர் கேட்கும், பிறகு ஊர், அப்புறம் எண். இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பேருந்து நடை செலவாகும். அதனால் எல்லா விவரமும் ஒரே கட்டாகப் போக வேண்டும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டால்கூட அதைக் கிராமத்துக் கணினியே கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் “எண் தவறு” என்ற பதிலுக்காக ஒருவர் அரைநாள் காத்திருப்பார்.

டாக்நெட் தனக்கென எழுதிக்கொண்ட மென்பொருளில் ஓடியது. இத்தகைய வலையமைப்புகளுக்கான பொது வடிவத்தைக் கெவின் ஃபால் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். அந்த வழியில் வந்த பண்டில் நெறிமுறை 2007இல் ஆர்.எஃப்.சி. 5050 ஆகவும், திருத்தப்பட்டு 2022இல் ஆர்.எஃப்.சி. 9171 ஆகவும் வெளியானது. பண்டில் என்றால் கட்டு. போகவேண்டிய முகவரி, உருவான நேரம், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம் என்ற கெடு ஆகியவை ஒவ்வொரு கட்டின் மேலும் எழுதப்பட்டிருக்கும். கெடு அவசியம். அது இல்லாவிட்டால் யாருக்கும் தேவைப்படாத பழைய கட்டுகள் பேருந்துக் கணினியின் நினைவகத்தை அடைத்துக்கொள்ள, புதியவற்றுக்கு இடமிருக்காது.

ஆனால் இந்தக் கெடுவே சில நேரம் கட்டைக் கொன்றுவிடுகிறது. மலிவான சிறு கணினிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. மின்வெட்டுக்குப் பின் அப்படியொரு கணினி பல ஆண்டுகள் பழைய தேதியோடு எழக்கூடும். இணையம் இருந்தால் உடனே திருத்திக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. அது உருவாக்கும் கட்டுக்கு இரண்டு நாள் கெடு என்று வைத்துக்கொள்வோம். சரியான தேதி தெரிந்த பேருந்துக் கணினி, பல ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியானது என்று அதை அழித்துவிடும். அனுப்பியவர் முன்கூட்டியே நிலை அறிக்கை கேட்டிருந்தால் ஒழிய அவருக்குச் செய்தி வராது. கிராமத்தில் ‘அனுப்பியாயிற்று’ என்றிருக்கும். தலைமையிடத்தில் எதுவும் வந்திருக்காது. ஒரே ஊரின் கட்டுகள் மட்டும் மொத்தமாக மாயமானால், முதலில் பார்க்க வேண்டியது அந்த ஊர்க் கணினியின் பதிவேட்டில் உள்ள தேதியைத்தான்.

2022இன் வடிவம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நம்பகமான கடிகாரம் இல்லாத கணினி, உருவான நேரத்தைப் பூஜ்யம் என்று குறித்துவிட்டு, கட்டின் வயதைத் தனியே எழுதலாம். கையில் வாங்கும் ஒவ்வொரு கணினியும் கட்டு தன்னிடம் தங்கிய நேரத்தை அந்த வயதோடு கூட்டிவிட்டு அடுத்ததிடம் கொடுக்கும். இன்று என்ன தேதி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் கழிந்தது என்று அளந்தால் போதும். கணினி அணைந்து கிடந்த நேரம் கணக்கில் விடுபட வாய்ப்புண்டு. அதனால் ஒரு கட்டு சில மணி நேரம் கூடுதலாக உயிரோடிருக்கும், அவ்வளவுதான். விவசாயியின் விண்ணப்பம் வழியில் அழிந்துபோவதைவிட அது எவ்வளவோ சிறிய பிழை.