வியர்வை போகட்டும், மடிப்பு இருக்கட்டும்

கல்யாண வரவேற்பில் எடுத்த படம். மாப்பிள்ளை வெளிர்நீலப் பருத்திச் சட்டையில் நிற்கிறார். அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு வியர்வை. ஃபோட்டோஷாப்பில் பலர் உடனே குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, பக்கத்துக் காய்ந்த துணியை அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். கறை போகும், கூடவே மடிப்பும் போகும். தோளிலிருந்து இறங்கும் சுருக்கம் பாதியில் அறுந்து, அந்த இடம் அட்டை மாதிரி தட்டையாகிவிடும்.

அப்படி ஒட்ட வேண்டியதே இல்லை. ஈரம் துணியை இருட்டாக்குகிறதே தவிர மறைப்பதில்லை. இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும், வெளியே சிதற வேண்டிய ஒளி துணிக்குள்ளேயே அதிகம் உறிஞ்சப்படுகிறது. நெசவும் மடிப்பும் அடியில் அப்படியேதான் இருக்கின்றன. போன வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அதற்கு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர். முதலில் ஐட்ராப்பரால் கறையின் ஓரத்துக்கு உள்ளே ஒரு புள்ளியையும், வெளியே ஒரு புள்ளியையும் அளக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்திருப்பது முக்கியம். நம் படத்தில் ஈரத் துணி சிவப்பு 104, பச்சை 130, நீலம் 172 என்றும், காய்ந்த துணி 150, 178, 214 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். Curves-இல் சிவப்பு சேனலுக்குப் போய் Input 104, Output 150 என்று கொடுங்கள். மற்ற இரண்டு சேனல்களுக்கும் அதேபோல. மடிப்பின் நிழலிலும் இப்படி ஒரு ஜோடி அளந்து இரண்டாவது புள்ளி வைத்தால், நிழல் வெளுத்துப்போகாது. மூன்று சேனல்களையும் தனித்தனியே ஏற்றுவதால், வெளிச்சத்தோடு நிறமும் காய்ந்த துணிக்குத் திரும்புகிறது.

இப்போது சட்டை முழுவதுமே வெளுத்திருக்கும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிறகு மென்மையான வெள்ளை பிரஷ்ஷில் Flow 10% வைத்து, கறைமேல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுங்கள்.

சிக்கல் வருவது ஓரத்தில்தான். பிரஷ் கறையைத் தாண்டினால் வெள்ளைக் கோடு விழும். எட்டாவிட்டால் இருண்ட வளையம் மிஞ்சும். அந்த வளையத்துக்கு மட்டும் குளோன் ஸ்டாம்ப்பை எடுக்கலாம்: மேலே புதிய லேயர், Lighten மோட், 15% ஒபாசிட்டி, Sample-இல் Current & Below. Lighten இருட்டான இடத்தை மட்டும் தொடும்.

அக்குளில் இயல்பாகவே இருக்கும் நிழலைத் துடைத்துவிடாதீர்கள். அது போனால் கை உடம்போடு ஒட்டாமல் நிற்கும். சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே சரிவு கூடிய ஒரு Curves லேயரைத் தற்காலிகமாகப் போடுங்கள். மிச்சத் திட்டு இருந்தால் பளிச்சென்று தெரியும்.

வெள்ளைச் சட்டை நனைந்து உள்ளே பனியனும் தோலும் தெரிந்தால் இந்த முறை உதவாது. அங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது வெளிச்சம் அல்ல, துணியே. ஆகவே படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாப்பிள்ளை மேடை ஏறியதும், சட்டை காய்ந்திருக்கும்போதே, அதே விளக்கொளியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.